நுரை நிற்காத தண்ணீர்

பட்டு நூலைச் சாயத்தொட்டியிலிருந்து எடுத்ததும் காவேரி அதை வெயிலில் பார்க்க மாட்டாள். பட்டறையின் வடக்குச் சன்னலுக்கு எடுத்துப்போய், நிழல் வெளிச்சத்தில் கையளவு தள்ளிப் பிடித்துப் பார்ப்பாள். பிறகு டியூப்லைட்டுக்கு அடியில் ஒரு முறை. இரண்டு வெளிச்சத்திலும் மாதிரித் துணியோடு ஒத்துப்போனால்தான் "சரி" என்பாள். அவள் சரி சொன்ன நிறம் பத்தொன்பது வருஷத்தில் நான்கு தடவைதான் திரும்பி வந்திருக்கிறது. அந்த நான்கும் எந்த ஆண்டு, எந்த நிறம் என்று கேட்டால் இப்போதும் சொல்லுவாள்.

காவேரிக்கு வயது நாற்பத்து மூன்று. அப்பாவுக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு தறி. மகளுக்குத் தறியில் உட்காரப் பொறுமை இல்லை என்று சின்ன வயதிலேயே தெரிந்துபோனது. ஆனால் நூல் எப்படிச் சிவப்பானது, ஏன் சில சிவப்பு மட்டும் தண்ணீரில் இறங்குகிறது என்று கேட்டு எல்லோரையும் குடைவாள். வேதியியல் படித்தாள். படிப்பு முடிந்த வருஷமே வீரபாகுவின் சாயப்பட்டறையில் நிறம் எடைபோடும் வேலையில் சேர்ந்தாள். பொடியை எடைபோட ஆரம்பித்தவள் மூன்று வருஷத்தில் நிறம் கூட்டுபவளானாள். இன்றைக்கு அந்தப் பட்டறையில் ஓடும் முந்நூற்றுச் சொச்சம் நிறங்களின் கணக்கும் அவள் எழுதியது. கணவர் கதிர்வேல் மின்வாரியத்தில் லைன்மேன். வீடு ஐயம்பேட்டையில். காலையில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் எட்டரைக்குப் பட்டறையில் இருப்பாள்.

தை மாதம் இளவரசன் வந்து சேர்ந்தான். ஓரிக்கைப் பக்கம் விவசாயக் குடும்பம். திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போடும் பெரிய ஆலையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன். அந்த ஆலை மூடியதும் ஊருக்குத் திரும்பியிருந்தான். வீரபாகு இருவரையும் அறையில் நிற்க வைத்துச் சொன்னார்: "சாயம், நிறம் எல்லாம் காவேரி. ஆள், தண்ணி, பாய்லர், தினம் என்ன ஓடணும்ங்கிறது எல்லாம் இளவரசன். ரெண்டு பேரும் ஒரே மட்டம்பா. சண்டை இல்லாம பாத்துக்குங்க."

வேலை தெரிந்தவன்தான். வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்த பாய்லர் குழாயை முதல் வாரத்திலேயே சரிசெய்தான். கழிவுநீர்த் தொட்டிக்கான காகிதங்களை ஒழுங்காக அடுக்கினான். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் சுண்டல் வாங்கி வருவான்.

அவன் வந்து பத்தாம் நாள் அரக்கு நிறம் ஓடிக்கொண்டிருந்தது. காவேரி அமிலத்தைப் பாதி மட்டும் ஊற்றிவிட்டு, மீதிப் பாதியைக் குவளையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இளவரசன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, சிம்பிளா சொல்றேன். ஆசிட்ட ஒரே தடவையா ஊத்தக் கூடாது. ஊத்தினா சாயம் எல்லாம் ஒரே பக்கமாப் புடிச்சிக்கும். பாதி மொதல்ல, பாதி அப்புறம். புரியுதா?"

காவேரி கையிலிருந்த குவளையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

அவன் போனதும், நூல் அலசும் பொன்னியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உன் கையில இருக்கிறத உனக்கே சொல்லிட்டுப் போறாரே" என்றாள். காவேரியும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மாசி, பங்குனி போனதும் சிரிப்பு வரவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட நிறக் கணக்கை இளவரசன் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கட்டம் போட்டு அச்செடுத்தான். நல்ல காரியம். ஆனால் அதை அவள் மேஜைமேல் விரித்து, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, பட்டின் எடைக்கு எத்தனை சதவீதம் சாயம், சூடு எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கே முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் ஒரு யோசனை சொல்லத் தொடங்குவாள். பாதியில் அவன் கை உயரும். "அக்கா என்ன சொல்ல வர்றாங்கன்னா சார்..." என்று தொடங்கி வேறெதையோ சொல்லி முடிப்பான். முழுதாகச் சொல்லிவிட்டால், "அது சின்ன விஷயங்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பான். அந்தச் சின்ன விஷயத்தையே இரண்டு வாரம் கழித்துத் தன் யோசனையாகச் சொல்லுவான். வீரபாகு தலையாட்டுவார். அவன் திருடியதாக அவளால் சொல்ல முடியவில்லை. அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் சொன்னது அவன் காதில் ஏறியதே இல்லை.

அவளுக்குத் தெரியாமலே அவளிடம் சில மாற்றங்கள் வந்தன. பேச்சைத் தொடங்கும்போது "தப்பா இருந்தா சொல்லுங்க" என்று சேர்த்துக்கொண்டாள். சன்னலில் ஒரு தடவை பார்த்துச் சரி சொல்ல வேண்டிய நிறத்தை மூன்று தடவை எடுத்துப்போனாள். கதிர்வேல் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்:

"என்னாச்சு உனக்கு? முன்னெல்லாம் பட்டறைக் கதைய நிறுத்தாம சொல்லுவ. இப்ப வாயே தொறக்க மாட்டேங்கிற."

"ஒண்ணும் இல்லபா. அங்க பேசுறதுக்கு ஆள் இருக்குது" என்றாள்.

சித்திரையில் பட்டறையின் பழைய ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் அடியில் மாட்டிக்கொண்டது. வீரபாகு கொல்லைப்புறத்தில் புதிதாக ஒன்று போட்டார். நல்ல ஊற்று. ஒரு திங்கட்கிழமை காலையில் புதுத் தண்ணீர் தொட்டிக்கு வந்தது. வீரபாகு அன்றே கச்சாப் பட்டு வாங்கப் பெங்களூர் கிளம்பிவிட்டார். நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு முப்பத்தாறு கிலோ அரக்கு நூல் போக வேண்டியிருந்தது. கல்யாணப் புடவைகளுக்கான பாவு நூல், தறியில் நீளவாக்கில் ஓடுவது. பன்னிரண்டு கிலோவாக மூன்று தடவை ஓட்டுவது என்று ஏற்பாடு.

காவேரி வழக்கம்போல வாளியில் தண்ணீர் பிடித்துச் சவுக்காரக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றிக் கையால் கலக்கினாள். நுரை எழும்பவில்லை. இன்னும் ஊற்றினாள். மேலே ஏடு மாதிரி வெள்ளையாகத் திரிதிரியாக மிதந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் பிசுபிசுத்தது.

பட்டுக்குச் சாயம் போடுவதற்கு முன்னால் அதன் மேலிருக்கும் இயற்கையான பசையை எடுக்க வேண்டும். கச்சா நூல் நாரைப் போல விறைப்பாக இருக்கும். சவுக்காரமும் கொஞ்சம் சோடாவும் போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் பசை கரைந்துபோய், எடையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்து, மெத்தென்று பளபளப்போடு வெளியே வரும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால் சவுக்காரம் அதோடு சேர்ந்து திரிந்துவிடும். பசையை எடுக்க வேண்டிய சவுக்காரமே பிசினாக நூலில் ஒட்டிக்கொள்ளும். இதைக் காவேரி படிக்கவும் செய்திருந்தாள், கையாலும் அறிந்திருந்தாள்.

அவள் வாளியோடு இளவரசனிடம் போனாள்.

"இந்தத் தண்ணி கடினமா இருக்குது. சோப்பு திரியுது பாருங்க. பசை எடுக்க ஆகாது. மொதல்ல ரெண்டு சிட்டம் நூல் மட்டும் போட்டுப் பாக்கலாம்."

இளவரசன் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி இருந்த டிடிஎஸ் மீட்டரை எடுத்தான். வாளியில் விட்டான். எண் 610 காட்டியது.

"பழைய போர் எவ்ளோ தெரியுமா? தொள்ளாயிரத்து நாப்பது. இது அறுநூத்திப் பத்து. அதவிட இது எவ்ளோ மேல்! குடிச்சுப் பாருங்க, இனிப்பா இருக்குது."

"அது மொத்த உப்புங்க. எந்த உப்புன்னு மீட்டருக்குத் தெரியாது. பழைய தண்ணியில இருந்தது சமையல் உப்பு மாதிரி, சோப்ப ஒண்ணும் பண்ணாது. இதுல இருக்கிறது சுண்ணாம்பு..."

கை உயர்ந்தது. "அக்கா, அக்கா. ஒரு நிமிஷம். கடினத்தன்மைன்னா என்னன்னு சொல்றேன். கால்சியம், மக்னீசியம் ரெண்டும் தண்ணியில கரைஞ்சிருக்கும். அதுதான் கடினத்தன்மை. அது இருந்தா டிடிஎஸ் ஏறும். இங்க டிடிஎஸ் இறங்கியிருக்குது. அப்ப கடினத்தன்மையும் இறங்கியிருக்குது. லாஜிக் சிம்பிள். திருப்பூர்ல இதப் போல மூணு மடங்கு டிடிஎஸ் இருக்கிற தண்ணியில ஓட்டியிருக்கோம்."

"அது பருத்தி. அங்க இந்தச் சோப்புக் குளியலே கிடையாது."

"எல்லாம் நூல்தானேக்கா."

"சொட்டு விட்டுக் கடினத்தன்மை பாக்கிற கிட் வாங்கணும்னு போன மாசம் எழுதிக் குடுத்தேனே?"

"நாந்தான் லிஸ்ட்ல அடிச்சேன். மீட்டர் இருக்கும்போது எதுக்கு? நுரையப் பாத்துப் பயப்படாதீங்க. நுரையா அழுக்க எடுக்குது? சோடாவ கொஞ்சம் கூட்டினா போதும்."

"சோடாவ கூட்டினா பட்டு வலு எறங்கிடும். தறியில இழை அறுந்துபோகும்."

"அவ்ளோ கூட்ட மாட்டோம்க்கா. அது சின்ன விஷயம்."

காவேரி வீரபாகுவுக்குப் போன் போட்டாள். ரயில் இரைச்சலில் அவர் பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. "ரெண்டு பேரும் பேசி முடிங்கம்மா" என்றார். தண்ணீரும் ஓட்டமும் இளவரசன் பொறுப்பு. தொட்டியை நிறுத்த அவளுக்கு அதிகாரம் இல்லை. தொட்டியில் ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் விவரம் எழுதும் ஓட்டச் சீட்டை அவள் எடுத்தாள். குறிப்பு என்ற கட்டம் எப்போதும் காலியாகக் கிடக்கும். அதில் எழுதினாள்: 'புதுக் கிணற்றுத் தண்ணீர். சோப்பு திரிகிறது. கடினத்தன்மை சோதிக்காமலும் மாதிரி ஓட்டாமலும் முழு ஓட்டம் வேண்டாம் என்பது என் கருத்து. காவேரி, திங்கள், காலை 10.40.' எழுதியதைக் கைபேசியில் படமெடுத்து இளவரசனுக்கும் வீரபாகுவுக்கும் அனுப்பினாள். இளவரசன் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு கிலோ பசை எடுக்கப்பட்டது. காவேரி தன் பங்குக்கு ஓரத்தில் இரண்டு சிறிய பாத்திரங்கள் வைத்தாள். ஒன்றில் புதுக் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர். இரண்டிலும் அதே நூல், அதே அளவு சவுக்காரம், அதே சூடு, அதே நேரம். மத்தியானம் பெரிய தொட்டியிலிருந்து நூலை எடுத்தபோது அது மங்கலாக, ஈர மாவைத் தொட்ட மாதிரி இருந்தது. கேன் தண்ணீர்ச் சிட்டத்தைக் கையில் முறுக்கினால் வழவழவென்று நழுவியது.

"சாயம் போட வேண்டாம், இளவரசன். திரிஞ்ச சோப்பு மேல உக்காந்திருக்குது. இதோட அமிலம் சேர்ந்தா எண்ணெய்ப் பிசுக்கா மாறிடும். அந்த எடத்துல சாயம் ஏறாது."

"அரக்குக்கா. கருஞ்சிவப்புல எல்லாம் மறைஞ்சுடும். நீங்க டென்ஷன் ஆவாதீங்க" என்று தொட்டியைத் திறக்கச் சொன்னான்.

புதன்கிழமை காலையில் நூல் காய்ந்ததும் பார்த்தார்கள். சிட்டத்துக்குச் சிட்டம் வெளிறிய திட்டுகள். சில இடத்தில் விரல் நுனி அளவு, சில இடத்தில் கை அகலம். ஒரே சிட்டத்தில் மேலே அரக்கு, நடுவில் செங்கல் நிறம். பாவாக நீட்டினால் புடவை முழுக்கக் கோடு கோடாக வரும்.

இளவரசன் முகம் வெளுத்தது. முதலில் சாயப்பொடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புது லாட் போல இருக்குது" என்றான். அது பழைய டப்பா என்று காவேரி தேதியைக் காட்டினாள். பிறகு அவன் கண் தொட்டிப் பக்கம் போனது. மூங்கில் கழியில் சிட்டங்களைக் கோத்துத் தொட்டியில் மாற்றி மாற்றித் திருப்பிவிடுவது பொன்னியம்மாளும் இன்னொரு ஆளும்.

"திருப்புறது சரியா இல்ல. அதான் விஷயம். பொன்னியம்மா, நீங்க பேசிக்கினே திருப்புறீங்க. ஒரு பக்கம் அதிக நேரம் நிக்குது. நூல எப்படித் திருப்பணும்னா..."

பொன்னியம்மாள் இருபத்திரண்டு வருஷமாகத் திருப்புகிறவள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

தன்னிடம் பேசியபோதெல்லாம் விழுங்கிக்கொண்ட காவேரிக்கு இதை விழுங்க முடியவில்லை. ஆனாலும் கத்தவில்லை.

"திருப்பினதுல தப்பு இல்ல, இளவரசன். அவங்க மேல போடாதீங்க. தப்பு தண்ணியில. நாளைக்கு முதலாளி வரட்டும், காட்டுறேன்."

அன்று மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தான் படித்த கல்லூரிக்குப் போனாள். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தேவகி பழைய வகுப்புத் தோழி. சொட்டுச் சோதனைக்கு வேண்டியதைச் சின்னச் சின்னப் புட்டிகளில் ஊற்றித் தந்தாள். "ஒரு குப்பித் தண்ணிக்கு ஒவ்வொரு சொட்டும் கடினத்தன்மை இருபத்தஞ்சுன்னு வச்சுக்கோ" என்றாள். பழைய கிணற்றுத் தண்ணீர், புதுத் தண்ணீர் ஏற்றாத மாடித் தொட்டியின் அடியில் கொஞ்சம் தங்கியிருந்தது. அதைப் பட்டறையிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருந்தாள். பேருந்தில் திரும்பும்போது, நாளைக்குப் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் "தப்பா இருந்தா சொல்லுங்க" என்று வந்து நின்றது. நான்காவது தடவை அதை எடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை வீரபாகு வந்தார். திட்டு விழுந்த சிட்டங்களைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காவேரி மேஜைமேல் இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் வைத்தாள்.

"சார், இது பழைய தண்ணி, இது புதுசு. ரெண்டுலயும் ஒரே அளவு சோப்பு ஊத்துறேன்."

மூடி குலுக்கினாள். பழைய தண்ணீரில் நுரை கழுத்துவரை எழும்பி நின்றது. புதியதில் ஒரு விரற்கடை எழும்பி, பத்து எண்ணுவதற்குள் அமுங்கி, தயிர் திரிந்த மாதிரி ஆனது.

"அதாவது சார், இது என்னன்னா..." என்று இளவரசன் முன்னால் வந்தான்.

"இளவரசன், நான் முடிச்சிடுறேன்" என்றாள் காவேரி.

"இல்லக்கா, சாருக்குப் புரியணும்ல, சோப்பு வந்து..."

"நான் முடிச்சிடுறேன்." அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இளவரசன் வாயை மூடினான். வீரபாகு நிமிர்ந்து இருவரையும் பார்த்தார்.

அவள் பழைய தண்ணீரைச் சின்னக் குப்பியில் ஊற்றி, ஒரு திரவம் இரண்டு சொட்டு, கொஞ்சம் பொடி சேர்த்தாள். திராட்சைச் சாறு மாதிரி சிவந்தது. மூன்றாவது புட்டியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கினாள். நான்காவது சொட்டில் சிவப்பு போய் நீலமானது.

"நாலு சொட்டு. நூறு."

புதுத் தண்ணீருக்கும் அதையே செய்தாள். ஐந்து, ஆறு, ஏழு. சிவப்பு அசையவில்லை. பொன்னியம்மாள் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்தாவது சொட்டில்தான் நீலம் வந்தது.

"முந்நூத்தி எழுபத்தஞ்சு. கிட்டத்தட்ட நாலு மடங்கு கடினம். மீட்டர்ல இது கம்மியாத்தான் காட்டும். மீட்டர் மொத்த உப்பச் சொல்லும், எந்த உப்புன்னு சொல்லாது." செவ்வாய்க்கிழமை ஓட்டிச் சாயமும் போட்ட இரண்டு மாதிரிச் சிட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கேன் தண்ணீரில் ஓடியது ஒரே அரக்கு. மற்றது திட்டுத் திட்டாக. "ரெண்டையும் திருப்பினது ஒரே ஆள். பொன்னியம்மாதான்."

வீரபாகு ஓட்டச் சீட்டைக் கேட்டார். குறிப்புக் கட்டத்தைப் படித்தார். மெதுவாக, இரண்டாவது தடவையும் படித்தார். "திங்கக்கிழமையே எழுதியிருக்கிற" என்றார். பிறகு, "எனக்கும் அனுப்பியிருக்கிற. நான் பாக்கல" என்றார்.

இளவரசன் மீட்டரைப் பையிலிருந்து எடுத்து, பார்த்து, திரும்பவும் பையில் போட்டான்.

"இந்தப் பன்னெண்டு கிலோ போச்சா?" என்றார் வீரபாகு.

"போகல சார். நல்ல தண்ணி வேணும். சுண்ணாம்ப இழுத்துக் கட்டிப்போடுற மருந்தும் வேணும். அந்தத் தண்ணியில அத லேசான காரத்தோட கலந்து, மிதமான சூட்டுல கழுவினா பிசுக்கு விடும். சாயத்தையும் கொஞ்சம் எறக்கி, மறுபடி முதல்லருந்து ஏத்தணும். ரெண்டு நாள் ஆவும். நெறம் ஒரு இழை ஆழமா வரும். அத சங்கத்துல சொல்லிட்டுத்தான் செய்யணும்."

சங்கத்தின் மேலாளர் துர்காதேவி நேரிலேயே வந்து பார்த்தார். அந்த ஆழத்தை மீதி இருபத்து நான்கு கிலோவுக்கும் வைத்துவிட்டால் சரி என்றார்.

இளவரசனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று அப்போதுதான் கைகொடுத்தது. தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் திருப்பூரில் எங்கே கிடைக்கும், எத்தனை லிட்டருக்கு எந்த அளவு வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு விரல் நுனியில் இருந்தது. இரண்டு போன் போட்டான். மூடிய ஆலையிலிருந்து நல்ல நிலையில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியது. அதுவரைக்கும் மென்மையாக்கிய தண்ணீரை லாரியில் வரவழைத்தான். இயந்திரம் வருவதற்கு முன்பே, சனிக்கிழமை காலையில், காவேரி அவன் பக்கத்தில் நின்று, உப்புக்கரைசல் ஊற்றி அதை எப்படிப் புதுப்பிப்பது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்டாள். அவன் சொன்னான். கேட்டதற்குத்தான் சொன்னான், நன்றாகவும் சொன்னான். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கழுவும் வேலை வெள்ளி, சனி இரண்டு நாளும் ஓடியது. சனிக்கிழமை நாலு மணிக்குக் காவேரி அவனைத் தெருமுனை டீக்கடைக்குக் கூப்பிட்டாள். நின்றபடியே பேசினார்கள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். எல்லார் முன்னாடியும் சொல்ல வேணாம்னுதான் இங்க."

"தண்ணி மேட்டர்ல நான் தப்பு பண்ணிட்டேன்க்கா. அது எனக்கே தெரியுது."

"தண்ணியப் பத்தி இல்ல. யாருக்கும் தப்பு வரும். எனக்கும் நாலு தடவ வந்திருக்குது. நான் பேசும்போது நடுவுல கை தூக்குறீங்க. நான் எழுதின கணக்க எனக்கே பாடம் நடத்துறீங்க. நான் வேணாம்னு சொன்னா, 'சின்ன விஷயம்'னு தள்ளிட்டுப் போறீங்க. ஏன் தள்ளுறீங்கன்னு காரணம் சொல்றதில்ல."

இளவரசன் தம்ளரைக் கையில் உருட்டினான். "ஹெல்ப் பண்ணணும்னுதானேக்கா சொன்னேன்? உங்கள மட்டம் தட்டணும்னு நெனச்சதே இல்ல."

"தெரியும். நெனச்சிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும், அன்னைக்கே திட்டியிருப்பேன். இனிமே இப்படி வச்சுக்கலாம். நான் பேசி முடிச்சப்புறம் நீங்க பேசுங்க. எனக்குத் தெரியலன்னா நானே கேப்பேன். இன்னைக்கு மெஷினப் பத்திக் கேட்டேன் இல்ல? என் பேச்சு வேணாம்னா, ஏன்னு சொல்லுங்க. காரணம் சரியா இருந்தா நான் ஒத்துக்குறேன்."

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். "அந்த ஆலையில, வாய மூடிக்கினு இருந்தவன மொதல்ல வீட்டுக்கு அனுப்பினாங்க" என்றான். "பேசிக்கினே இருந்தா வேலை தெரிஞ்சவன்னு நெனப்பாங்க. அப்படியே பழகிப்போச்சு."

அவளுக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஆனால் அதற்காகச் சொன்னதைக் குறைத்துக்கொள்ளவில்லை.

"பொன்னியம்மாகிட்ட நீங்க பேசணும். அவங்க மேல பழி போட்டது எல்லார் முன்னாடியும்."

"பேசுறேன்" என்றான். மன்னிப்பு என்ற சொல்லை அவளிடம் சொல்லவில்லை. டீக்கு அவன்தான் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை, எல்லோரும் கழிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அவன் பொன்னியம்மாளிடம் போய் நின்றான். "அன்னைக்கு நான் சொன்னது தப்புமா. நீங்க சரியாத்தான் திருப்பினீங்க" என்றான். சொல்லிவிட்டு நிற்கத் தெரியாமல், "ஆனா திருப்பும்போது எடது கை கொஞ்சம்..." என்று தொடங்கியவன் பொன்னியம்மாளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். காவேரி திரும்பி நின்று பொடி டப்பாவை எடைபோட்டாள். பொன்னியம்மாளுக்குச் சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது.

அரக்கு முப்பத்தாறு கிலோவும் நான்கு நாள் தாமதமாகச் சங்கத்துக்குப் போனது. வீரபாகு ஓட்டச் சீட்டில் இன்னொரு கட்டம் சேர்த்து அச்சடித்தார்: மாதிரி பார்த்துக் காவேரி கையெழுத்திட்டால்தான் முழு ஓட்டம். வாரத்துக்கு ஒரு நாள் சொட்டுச் சோதனை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் "காவேரி முடிக்கட்டும்பா" என்று அவரே சில சமயம் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம் என்று காவேரிக்குத் தோன்றும். அதை அவரிடம் சொன்னதில்லை.

இளவரசன் அடியோடு மாறிவிட்டான் என்று சொல்ல முடியாது. புதிதாக வரும் வியாபாரிகளுக்குப் பட்டுப்புழுவிலிருந்து தொடங்கிப் பாடம் நடத்துவான். காவேரியிடமும் சில நாள் "அக்கா, சிம்பிளா..." என்று ஆரம்பித்துவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொள்வான். சில நாள் கடித்துக்கொள்ளவும் மறந்துவிடுவான். அப்போது அவள் "நான் முடிச்சப்புறம் சொல்லுங்க" என்பாள். முன்னைப் போல அதைச் சொல்ல அவள் தயங்குவதில்லை. நிறத்தை முன்போலச் சன்னலில் ஒரே தடவை பார்த்துச் சரி சொல்கிறாள். பட்டறைக் கதைகள் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டதாகக் கதிர்வேல் சொல்கிறார், கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டதாகவும்.

ஆவணியில் ஐயம்பேட்டையிலிருந்து வேறொரு பட்டறைக்காரர் போன் செய்தார். அவர்களுக்கும் நூலில் திட்டு விழுகிறதாம், யாரைக் கேட்பது என்று தெரியவில்லையாம். போனை எடுத்தவன் இளவரசன். "ஒண்ணும் இல்ல சார், கடினத்தன்மைன்னு ஒண்ணு இருக்குது, அது என்னன்னா..." என்று இரண்டு வாக்கியம் போனான். எதிரே உட்கார்ந்து சாயம் எடைபோட்டுக்கொண்டிருந்த காவேரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவன் நிறுத்தினான்.

"ஒரு நிமிஷம் சார். இதுக்கு எங்க காவேரிக்கா இருக்காங்க. அவங்ககிட்டயே கேளுங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். "சொல்லுங்க சார். மொதல்ல ஒரு பாட்டில்ல தண்ணி புடிச்சுக்குங்க" என்று தொடங்கினாள். இளவரசன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, டிடிஎஸ் எவ்வளவு என்று கேட்கும்படி சாடை காட்டினான். அவள் நாற்காலியைச் சன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசினாள். ஐந்து நிமிஷத்தில் அந்தப் பட்டறைக்காரர் சனிக்கிழமை மூன்று பாட்டில் தண்ணீரோடு வருவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.